டிகோடர் வழியாகப் பார்த்தாலும் டிவிக்குத் தெரியுமா?

சிவகாமி, சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மா வீட்டுக்குப் புது ஸ்மார்ட் டிவி வாங்கினோம். அம்மாவுக்கு வயது 74. டிவியில் இருக்கும் எந்த ஆப்பையும் அவர் தொடுவதில்லை. டிஎஸ்டிவி சாட்டிலைட் டிகோடரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருக்கிறோம். காலையில் பக்திப் பாட்டு, இரவில் சீரியல், அவ்வளவுதான் அவருடைய உலகம். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்தால் யூடியூப் கேட்பார்கள் என்றுதான் வைஃபை இணைப்பே கொடுத்தோம்.

போன வாரம் எழுத்தைப் பெரிதாக்க மெனுவுக்குள் போனேன். அங்கே Viewing Information என்று ஒரு வரி, பக்கத்தில் டிக். கீழே குரல் பற்றி ஒன்று, விளம்பரம் பற்றி ஒன்று, இரண்டிலும் டிக். பொருத்திய அன்று தம்பி மகன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொத்தானை அழுத்தியிருக்கிறான். அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மா சர்க்கரை நோய் பற்றிய ஒரு மருத்துவ நிகழ்ச்சியைத் தினமும் பார்க்கிறார். இப்போது அதே வீட்டு வைஃபையில் இருக்கும் என் டேப்லெட்டில் சர்க்கரை மாத்திரை விளம்பரமாக வருகிறது. நான் கேட்பது ஒன்றுதான். படம் வருவது டிகோடரிலிருந்து, டிவி வெறும் திரை. அப்படியிருக்க, அம்மா என்ன பார்க்கிறார் என்பது டிவி கம்பெனிக்குத் தெரியுமா?

குமரன், பீனிக்ஸ்

கவலை வேண்டாம் அக்கா. எச்டிஎம்ஐயில் டிகோடர் படத்தை அனுப்புகிறது, டிவி காட்டுகிறது. எந்தச் சேனல் என்பது டிகோடருக்குத்தான் தெரியும். டிவிக்குத் தெரிந்ததெல்லாம் HDMI 1 என்பது மட்டும்தான். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் பார்த்தால்தான் கணக்கு எடுக்க முடியும்.

முத்துசாமி ஐயா, மெரிபேங்க்

இது அரசு ஒளிபரப்பான எஸ்ஏபிசிக்குக் கட்டும் டிவி லைசென்ஸ் விஷயம்தானே அம்மா? வருஷத்துக்கு 265 ராண்ட். கட்டாதவர்களை டிவி மூலமாகவே கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். நான் ஒழுங்காகக் கட்டுகிறேன். கட்டுகிறவனையும் வேவு பார்ப்பார்களா?

வேலன், லெனேசியா

ஐயா, லைசென்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லைசென்ஸ் விவரத்தைக் கடையில் டிவி வாங்கும்போதே சரிபார்த்துவிடுகிறார்கள். சிவகாமி அக்கா கேட்பது டிவியைச் செய்த கம்பெனியைப் பற்றி.

குமரன், தம்பி, நீ சொன்னதில் பாதி சரி. சேனல் எண்ணை டிகோடர் டிவிக்குச் சொல்வதில்லைதான். ஆனால் டிவிக்கு அந்த எண் தேவையே இல்லை. படம் எந்த வழியாக வந்தாலும் கடைசியில் திரையில் வரைவது டிவிதான். வரைகிற படத்தையும் ஒலியையும் அதுவே அவ்வப்போது மாதிரி எடுத்துக்கொள்கிறது. அந்த மாதிரியிலிருந்து கைரேகை போல ஒரு சின்ன எண்வரிசை செய்து கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே நிகழ்ச்சிகளின், விளம்பரங்களின் கைரேகைகள் ஏற்கெனவே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் இந்த டிவி, இந்த நேரம், இந்த நிகழ்ச்சி என்று பதிவாகிவிடும். வாசலில் புள்ளி வைத்ததுமே இது எந்தக் கோலம் என்று ஆயா சொல்லிவிடுவார் அல்லவா, கோடு இழுக்கும்வரை காத்திருக்க மாட்டார். அது மாதிரி.

இந்தத் துறையில் இதை ஏசிஆர் என்பார்கள். மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. நல்ல பெயராக வைத்திருப்பார்கள். சாம்சங்கில் Viewing Information Services, எல்ஜியில் Live Plus, சில ஆண்ட்ராய்டு டிவிகளில் Samba Interactive TV.

இது வெறும் ஊகமும் அல்ல. அமெரிக்காவில் விஸியோ என்ற டிவி கம்பெனி 2017இல் 22 லட்சம் டாலர் கொடுத்து இதே விஷயத்துக்காக வழக்கை முடித்துக்கொண்டது. 1 கோடியே 10 லட்சம் டிவிகள் சம்பந்தப்பட்ட வழக்கு. கேபிள், செட் டாப் பாக்ஸ், டிவிடி என்று எதில் பார்த்தாலும் நொடிக்கு நொடி எடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அங்கே அந்த வசதிக்கு Smart Interactivity என்று பெயர். பெயரைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

குமரன், பீனிக்ஸ்

அண்ணா, அப்படியானால் முழு வீடியோவையும் அனுப்ப வேண்டியிருக்குமே. இங்கே எத்தனை வீட்டில் இன்னும் டேட்டா வாங்கி ஓட்டுகிறார்கள். ஒரே நாளில் தீர்ந்துவிடாதா? யாருக்கும் தெரியாமலா இருக்கும்?

வேலன், லெனேசியா

அதுதான் சூட்சுமம். போவது படம் அல்ல, எண்வரிசை. அது மிகச் சிறியது. 2024இல் லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து எல்ஜி, சாம்சங் டிவிகளிலிருந்து வெளியே போகும் டேட்டாவை அளந்தார்கள். எல்ஜி 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து 15 செகண்டுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புகிறது. சாம்சங் 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எடுத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. எச்டிஎம்ஐயில் லேப்டாப்பை மாட்டி, டிவியை வெறும் மானிட்டராக வைத்தபோதும் அது நிற்கவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மறக்காத விஷயம் வேறு. பிரிட்டனில் அவர்கள் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்பைத் திறந்தபோது இந்த வழக்கமான அனுப்பல் தெரியவில்லை. அதாவது தம்பி நினைத்ததற்கு நேர் எதிர். டிவிக்குள் இருக்கும் பெரிய ஆப்பில் பார்த்தால் டிவி பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கிறது, டிகோடர் வழியாகப் பார்த்தால் திறந்து வைத்திருக்கிறது. ஆப்புக்காரர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள், அது தனி.

கதிர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தென்னாப்பிரிக்காவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா முழுதாக அமலுக்கு வந்தது 2021 ஜூலை 1. சம்மதம் இல்லாமல் யாரும் நம் தகவலை எடுக்கவே கூடாது. உங்கள் அம்மா சம்மதிக்கவில்லை. நேராக ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதுங்கள் அக்கா.

நளினி, டர்பன் வடக்கு

கதிர், நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அதனால் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. சட்டத்தின் 11ஆம் பிரிவு சம்மதத்தை மட்டும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவை, கம்பெனியின் நியாயமான நலன் என்று வேறு காரணங்களும் அதில் இருக்கின்றன. கம்பெனி அவற்றைக் காட்டும். சம்மதம் என்றே வாதிட்டாலும் கேள்வி வேறு மாதிரி வரும். சம்மதம் என்பது தானாக விரும்பி, குறிப்பாக, விவரம் தெரிந்து தருவது என்று சட்டமே சொல்கிறது. பேரன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டியின் சம்மதம் ஆகுமா என்று கேட்டால் என் பதில் ஆகாது என்பதுதான். ஆனால் அது என் கருத்து, தீர்ப்பு அல்ல.

சிவகாமி அக்காவுக்கு உடனே கைகொடுப்பது 11ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. நியாயமான நலன் என்று சொல்லி எடுத்தால் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது, படிவம் 1. முதலில் கம்பெனிக்கு அனுப்புங்கள். சேர்த்து வைத்ததை அழிக்கச் சொல்ல படிவம் 2. 23ஆம் பிரிவின்படி, என்னைப் பற்றிய தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று இலவசமாகவே கேட்கலாம். டிவியின் சீரியல் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அம்மாவின் பெயர் அவர்களிடம் இருக்காது, டிவியின் எண்தான் இருக்கும். வெறும் பெயரை எழுதினால் அப்படி யாரும் இல்லை என்று பதில் வரும், அதுவும் பொய்யாக இருக்காது.

கதிர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 69ஆம் பிரிவு? நேரடி விளம்பரத்துக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்கிறதே. டிவியின் முகப்பில் எனக்கென்றே ஒரு விளம்பரம் வந்தால் அது எஸ்எம்எஸ் விளம்பரம் மாதிரிதானே?

நளினி, டர்பன் வடக்கு

அப்படி வாதிடலாம். சட்டம் சொல்லும் மின்னணுத் தகவல்தொடர்பில் படமும் அடக்கம். ஆனால் அது பெறுபவருக்கு அனுப்பிய செய்தியா, முகப்பில் ஒட்டிய சுவரொட்டியா என்று எதிர்த்தரப்பு கேட்கும். எங்கள் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கட்சி.

மீனாட்சி, டோங்காட்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இது குரல் விஷயமாகத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. ரிமோட்டில் மைக் பொத்தான் எது என்று பிள்ளைகள் காட்டிக் கொடுத்தார்கள். அதை அழுத்திக்கொண்டு "முருகன் பாட்டு போடு" என்பார். போன ஆண்டு காலமானார். இரண்டு வாரத்துக்கு முன் மகன் கூகுள் கணக்கில் ஏதோ தேடும்போது பழைய தேடல்கள் வரிசையாக வந்தன. ஒன்றின் பக்கத்தில் கேட்பதற்கான அடையாளம் இருந்தது. அழுத்தினான். ஆயாவின் குரல். இருமிவிட்டு, "போடுப்பா" என்கிறார். பின்னால் எங்கள் வீட்டு நாய் குரைக்கிறது.

அன்று யாரும் சாப்பிடவில்லை. டிவி இப்படி நாள் முழுக்க எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கிறதா? அழிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அழிக்கவும் மனம் வரவில்லை.

வேலன், லெனேசியா

அக்கா, படித்ததும் சிறிது நேரம் எழுத முடியவில்லை.

நாள் முழுக்கப் பதிவு செய்யவில்லை. ரிமோட்டில் மைக் இருக்கும் டிவியில், பொத்தானை அழுத்தியிருக்கும்போது பேசுவதுதான் போகும். அதனால்தான் ஒவ்வொரு பதிவும் துண்டு துண்டாக இருக்கும். ரிமோட்டைத் தொடாமலே கூப்பிட்டால் பதில் சொல்கிற டிவிதான் வேறு வகை. அதில் மைக் டிவியின் சட்டத்திலேயே இருக்கும், கூப்பிடும் சொல்லுக்காக எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். வேறு யாரோ பேசுவதைத் தன்னைக் கூப்பிட்டதாக எண்ணிப் பதிவு செய்வதும் அந்த வகையில்தான் நடக்கும். அவற்றில் பலவற்றில் கீழ்ப்பக்கமாக விரல் நுனி அளவில் ஒரு சுவிட்சு இருக்கும். தடவிப் பார்த்துத் தள்ளிவிடலாம்.

ஆயாவின் குரல் தங்கியிருப்பதற்குக் காரணம், அந்தக் கூகுள் கணக்கில் குரலைச் சேமிக்கச் சம்மதம் கொடுக்கப்பட்டிருக்கிறது. `myactivity.google.com` போய், Web & App Activity உள்ளே குரல் பற்றிய டிக்கைப் பாருங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த டிக்கை எடுத்தாலும், மைக்கை அழுத்திப் பேசினால் குரல் சர்வருக்குப் போய்த்தான் திரும்பும், இல்லாவிட்டால் சொன்னது அதற்குப் புரியாது. கணக்கில் சேமிக்காது, அவ்வளவுதான்.

அழிப்பதற்கு முன்னால் `takeout.google.com` போங்கள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு My Activity மட்டும் தேர்ந்தெடுங்கள், அதற்குள்ளும் Assistant மட்டும் போதும். இறக்கிய கோப்பைத் திறந்தால் ஒலிப்பதிவுகள் தனித்தனியாக இருக்கும். அவற்றை வேறு இடத்தில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கணக்கில் அழியுங்கள். தானாக அழிக்கும் ஏற்பாடு, 3 மாதமோ 18 மாதமோ, ஏற்கெனவே போட்டிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

சிவகாமி, சாட்ஸ்வர்த்

மீனாட்சி அக்கா, முதலில் அதைச் செய்யுங்கள்.

வேலன் அண்ணா, என் டேப்லெட்டில் விளம்பரம் வருவதற்குக் காரணம் அம்மா வீட்டு டிவிதானா?

வேலன், லெனேசியா

இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் வெளியே ஒரே முகவரியில் தெரியும். அதை வைத்து ஒரு வீட்டின் டிவியையும் போனையும் விளம்பரக்காரர்கள் இணைப்பது உண்டு. எல்ஜியின் ஒப்பந்தப் பட்டியலிலேயே Interest-Based & Cross-Device Advertising என்று எழுதியிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. ஆனால் நீங்கள் அம்மாவுக்காக டேப்லெட்டில் மாத்திரை பெயரை ஒருமுறை தேடியிருந்தால் அது ஒன்றே போதும். நிறுத்திப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

நிறுத்துவதற்கு: சாம்சங் புது மாடல்களில் Settings, All Settings, General & Privacy, Terms & Privacy என்று போக வேண்டும். அங்கே Viewing Information Services, Interest-Based Advertisements, Voice Recognition Services மூன்றும் தனித்தனியாக இருக்கும். எல்ஜியில் வேலை இரண்டு இடத்தில். Settings, General, System, Additional Settings போய் Live Plus ஐ நிறுத்துங்கள். அப்புறம் Support பக்கத்தில் Privacy & Terms, User Agreements போய் Viewing Information, Voice Information, விளம்பரம் எல்லாவற்றிலும் டிக்கை எடுங்கள். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும்.

விளம்பர டிக்கை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு அது. அதை எடுத்தால் விளம்பரம் உங்களைக் குறிவைத்து வராது. விளம்பரங்கள் குறையாது, கைரேகை எடுப்பதும் நிற்காது. கைரேகையை நிறுத்துவது Viewing என்று தொடங்கும் அந்த வரிதான். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதை எடுங்கள்.

குமரன், பீனிக்ஸ்

டிக்கை எடுத்தால் உண்மையிலேயே நிற்கிறது என்று எப்படி நம்புவது அண்ணா? வைஃபையையே பிடுங்கிவிடலாமே.

வேலன், லெனேசியா

நியாயமான கேள்வி. நான் சொன்ன ஆய்வில், டிக்கை எடுத்த பிறகு அந்த சர்வர்களுக்குப் போவது நின்றது. எங்கள் வீட்டிலும் பார்த்தேன். என்ன பிராண்ட் என்று இங்கே சொல்லவில்லை. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பைஹோல் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டில் எந்தக் கருவி எந்த முகவரியைத் தேடுகிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் இரவு 7 மணிக்கு டிகோடரில் செய்தியை ஓடவிட்டு இதை அடித்தேன்:

```
sudo grep acr /var/log/pihole/pihole.log
```

பெயரில் acr என்ற மூன்று எழுத்து வரும் முகவரியை டிவி தேடியிருந்தது. அரை மணி நேரத்தில் நான்கைந்து வரிதான். குறைவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். முகவரியை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். தேடல் கணக்கும் அனுப்பல் கணக்கும் ஒன்றல்ல. டிக்கை எடுத்து, டிவியைப் பிளக்கில் அணைத்துப் போட்டு, மறுநாள் அதே நேரம், அதே டிகோடர், அதே செய்தி. ஒரு வரியும் இல்லை. எல்லாக் கம்பெனியும் பெயரில் acr என்று வைப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்ஜியின் முகவரிகளில் acr என்பதும் இருக்கும், முடிவு `alphonso.tv` என்று வரும்.

வைஃபையைப் பிடுங்குவது நல்ல வழிதான், உறுதியான வழியும்கூட. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்ததும் யாராவது திரும்ப மாட்டுவார்கள். டிக் எடுக்கப்படாமல் இருந்தால் அன்று மாலையே அம்மாவின் சீரியல் போகத் தொடங்கிவிடும். முதலில் டிக்கை எடுங்கள், அப்புறம் விருப்பம் இருந்தால் பிடுங்குங்கள்.

முத்துசாமி ஐயா, மெரிபேங்க்

வேலா, நாங்கள் பார்ப்பது தமிழ்ச் சேனல். அதெல்லாம் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்குமா? பொருந்தவில்லை என்றால் ஒன்றும் தெரியாதுதானே?

வேலன், லெனேசியா

ஐயா, இந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்டீர்கள், நான் யோசிக்கவில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் நிகழ்ச்சியின் பெயர் தெரியாமல் போகும். ஆனால் பொருத்திப் பார்ப்பது சர்வரில் என்பதால் கைரேகை எப்படியும் இங்கிருந்து போய்விடும். டிவி எத்தனை மணிக்குப் போட்டது, எந்த எச்டிஎம்ஐ, எவ்வளவு நேரம் ஓடியது என்பதெல்லாம் பொருத்தம் இல்லாமலே தெரியக்கூடியவை. அதோடு, இடையில் வரும் உள்ளூர் விளம்பரம் பட்டியலில் இருந்தால் அதன் வழியாகவும் பிடிபடலாம்.

சிவகாமி, சாட்ஸ்வர்த்

நேற்று மாலை அம்மா வீட்டுக்குப் போய் மூன்று டிக்கையும் எடுத்தேன். எழுதி வைக்க வேண்டியது ஒன்று. இரண்டு எடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. Viewing வரியை எடுக்கும்போது மட்டும், சில வசதிகள் கிடைக்காமல் போகும், சரியா என்று திரையில் கேட்டது. பயந்து திரும்பிவிடப் பார்த்தேன். தைரியமாகச் சரி என்றேன். டிகோடர் ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது. முகப்பில் 'உங்களுக்காக' என்று வந்த வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் அழுததும் தெரியுமா?" என்று கேட்டார். சீரியலில் அம்மா செத்துப்போகும் காட்சிக்கு அழுதாராம். தெரியாது, இந்த டிவியில் கேமரா இல்லை என்றேன். இருக்கிறதா இல்லையா என்று அதற்குப் பிறகுதான் டிவியின் சட்டத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். இல்லை.

மீனாட்சி, டோங்காட்

இறக்கிவிட்டேன் தம்பி. 41 பதிவு. பாதிக்கு மேல் பிள்ளைகள் கத்துவது. ஆயாவினுடையது 9. பெரியவன் அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறான். கணக்கில் இன்னும் அழிக்கவில்லை.

கதிர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் டிவியில் ஆறு மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்தேன். இதைப் படித்துவிட்டு இன்று பார்த்தால் ஒன்றில் திரும்பவும் டிக் இருக்கிறது. நடுவில் ஒரு அப்டேட் வந்தது, அப்போது ஒப்பந்தத் திரை வந்ததாக மனைவி சொல்கிறாள். அவள் எதை அழுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அப்டேட் தானாகவே போட்டதா, நாங்கள் போட்டோமா?

வேலன், லெனேசியா

இப்போது கண்டுபிடிக்க வழியில்லை கதிர். புது ஒப்பந்தத் திரை வரும்போது பெரிய பொத்தான் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும், தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது சிறிய எழுத்தில் கீழே. அடுத்த அப்டேட்டுக்கு முன் மூன்று வரியையும் போனில் படம் எடுத்து வை. அப்டேட் முடிந்து, ஒப்பந்தத் திரை எதுவும் வராமலே டிக் திரும்பியிருந்தால் அந்தப் படத்தை நளினியிடம் கொடு. அப்படி ஒன்று உண்மையிலேயே கிடைத்தால் படிவம் 1இல் எழுத வேண்டியது அதுதான்.

நளினி, டர்பன் வடக்கு

படத்தில் தேதி தெரிய வேண்டும். மென்பொருள் பதிப்பு எண் இருக்கும் திரையையும் சேர்த்து எடுங்கள் கதிர், அப்டேட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று.